நூறு ரூபாய் விற்றால் கையில் நிற்பது எவ்வளவு?

என் அண்ணன் பெண் ஒரு நாள் மத்தியானம் கையில் ஒரு பச்சை ஃபைலோடு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வருகிறதாம், அதில் டிபன் கடை போடப் போகிறாளாம். பாங்கில் இரண்டு லட்சம் கடன் கேட்க வேண்டும். கடைக்கு அட்வான்ஸ் ஒரு லட்சத்துக்குக் கழுத்துச் சங்கிலியை அடகு வைப்பதென்று முடிவாகிவிட்டது.

"பிராஜெக்ட் ரிப்போர்ட் கூட எழுதி வாங்கிட்டேன் அத்தை. நீங்க மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதறவங்களாச்சே, ஒரு தடவை பார்த்துடுங்க" என்றாள்.

பார்த்தேன். மாச விற்பனை 1,30,000 ரூபாய். அதாவது நாளுக்கு 5,000 வீதம் 26 நாள். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால் எல்லாம் சேர்த்து சரக்குச் செலவு 32,500. வாடகை, கூலி, காஸ், கரண்டு என்று இதர செலவு 25,000. கடைசி வரியில் தடித்த எழுத்தில் நிகர லாபம் 72,500!

எனக்குத் திக்கென்றது. நூறு ரூபாய்க்கு விற்றால் 56 ரூபாய் லாபம் என்று அர்த்தம். "இவ்வளவு லாபம் வர்ற தொழில்னா ஊர்ல பாதிப் பேர் இட்லிக் கடை வச்சிருப்பாங்களேடி" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஒரு அசட்டுத்தனமும் செய்தேன். எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் ஒரு முறை, "நூறு ரூபாய் சாமான் வித்தா எனக்குப் பத்தோ பன்னிரண்டோதான்மா நிக்குது, அதுலதான் வாடகையும் பையன் சம்பளமும்" என்று புலம்பியிருந்தார். அதை நினைத்துக்கொண்டு, "சரக்கிலேயே நூத்துக்கு எழுபத்தஞ்சு நிக்கும்னு போட்டிருக்கே, இது பொய்க் கணக்கு" என்று அடித்துப் பேசினேன். நான் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் அதற்கு நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் தப்பு. அதை எனக்கு எடுத்துச் சொன்னவர் மாடி வீட்டு மாமா. பாங்கில் கடன் பிரிவில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்.

"மளிகைக் கடையையும் டிபன் கடையையும் ஒரே தராசுல போடலாமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு காகிதத்தில் இரண்டு கோடு போட்டார்.

முதல் கோடு, மொத்த லாபம். விற்ற பணத்திலிருந்து, விற்ற பொருளுக்கான சரக்கு விலையை மட்டும் கழித்தால் நிற்பது. இரண்டாவது கோடு, நிகர லாபம். அந்த மொத்த லாபத்திலிருந்து வாடகை, சம்பளம், காஸ், கரண்டு, வட்டி, சாமான் தேய்மானம் எல்லாம் போய்க் கடைசியில் நிற்பது. இரண்டையும் நூறு ரூபாய் விற்பனைக்கு எவ்வளவு என்று மாற்றிக்கொண்டால்தான், சின்னக் கடையையும் பெரிய கடையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

மாமா சொன்ன உதாரணம் என்னை மூக்கின் மேல் விரலை வைக்கச் செய்தது. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகள் தங்கள் கணக்கை வருஷா வருஷம் பகிரங்கமாக வெளியிட்டாக வேண்டும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். டி-மார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் மளிகை ஜாதி. 2023-24ஆம் வருஷத்தில் அவர்கள் விற்பனை ஏறக்குறைய 50,800 கோடி. நூறு ரூபாய் விற்றால் சரக்கு விலை போக நிற்பது சுமார் 15 ரூபாய்தான். எல்லாச் செலவும் போகக் கடைசியில் நின்றது சுமார் 5 ரூபாய்.

அதே வருஷம், டோமினோஸ் பீட்சாவை இந்தியாவில் நடத்தும் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ் கணக்கைப் பாருங்கள். இது சமைத்துப் போடும் ஜாதி. நூறு ரூபாய் விற்றால் மாவு, சீஸ், பெட்டி எல்லாம் போக 75 ரூபாய்க்கு மேல் நிற்கிறது. அடேயப்பா என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த வருஷம் சுமார் 5,340 கோடி விற்று, கடைசியில் அவர்களுக்கு நின்றது சுமார் 234 கோடி. நூற்றுக்கு 5 ரூபாய் கூட முழுசாக இல்லை!

ஆரம்பத்தில் ஒருவருக்கு 15, இன்னொருவருக்கு 75. முடிவில் இரண்டு பேர் கையிலும் ஏறக்குறைய அதே ஐந்து ரூபாய். மளிகைக்காரர் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தால் போதும். சமைத்துப் போடுகிறவருக்கு ஆள் வேண்டும், அடுப்பு வேண்டும், உட்கார இடம் வேண்டும், பாத்திரம் தேய்க்க வேண்டும். அந்த 75 ரூபாய் லாபமில்லை, இத்தனை பேருக்கும் படியளக்க வந்த பணம்.

"இப்ப உன் அண்ணன் பொண்ணு கணக்கைப் பாரு" என்றார் மாமா. "மொத்த லாபம் 75ங்கறது சமையல் தொழில்ல நடக்காத விஷயமில்லே. ஆனா 75லேர்ந்து 56க்கு இறங்கியிருக்கு பாரு, நடுவுல 19 ரூபாய்தான் செலவு. பாங்க்ல உக்கார்ந்திருக்கறவன் கண்ணு நேரா அங்கதான் போகும்."

ஹோட்டல் தொழிலில் பழகியவர்கள் வாயில் வரும் கணக்கு ஒன்று உண்டு. நூறு ரூபாய் விற்பனையில் சரக்கு 30லிருந்து 35. விலை மலிவாக விற்கும் சின்னக் கடைகளில் 40 வரை போகும். வாடகை பத்துக்குள் அடங்க வேண்டும். எல்லாம் போகக் கடைசியில் 5லிருந்து 10 நின்றால் நன்றாக நடத்துகிறார்கள் என்று அர்த்தம். இது உத்தேசக் கணக்குதான். ஆனாலும் ஒரு திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இது போதும். எந்த வரியில் ரொம்ப விலகுகிறதோ அந்த வரியைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். விலகலுக்கு நியாயமான காரணம் இருந்தால் சரி. சொந்தக் கட்டிடமாக இருந்தால் வாடகை இராது. காரணம் இல்லையென்றால் ஏதோ ஒரு செலவு எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

நாங்கள் இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முதலில் சரக்கு வரியைப் பிரித்தோம். அண்ணன் பெண்ணுக்கு ஃபைல் எழுதிக் கொடுத்தவர் நூற்றுக்கு 25 என்று போட்டிருந்தார். எப்படி வந்தது என்று கேட்டேன். "ஒரு இட்லிக்கு என்ன ஆகும்னு கேட்டார், சொன்னேன். சட்னி சாம்பாருக்கு ஒரு பத்து பர்சென்ட் சேர்த்துக்கலாம்னார்" என்றாள்.

எங்கள் கடைத்தெரு விலைப்படி அன்றைக்குப் போட்ட கணக்கு இது. இட்லி அரிசி ஒரு கிலோ 45 ரூபாய், உளுந்து கால் கிலோ 33 ரூபாய், வெந்தயம் உப்புக்கு 2 ரூபாய். ஆக 80 ரூபாய். இதில் 45 இட்லி வரும். ஒரு இட்லி 1 ரூபாய் 80 காசு. இட்லி 12 ரூபாய்க்கு விற்கப் போகிறாள். மூன்று இட்லி ஒரு பிளேட், 36 ரூபாய். மாவுச் செலவு 5 ரூபாய் 40 காசுதான். நூற்றுக்கு 15. இது வரைக்கும் அவர் எழுதினது சரி.

ஆனால் வெறும் இட்லியை யார் சாப்பிடுகிறார்கள்? துவரம்பருப்பு, காய், புளி, பொடி, எண்ணெய் என்று சாம்பார் ஒரு பிளேட்டுக்கு 4 ரூபாய் ஆகிறது. தேங்காய், பொட்டுக்கடலை, தாளிப்பு சேர்த்து சட்னி 4 ரூபாய் 50 காசு. தொட்டுக்கொள்வதற்கே 8 ரூபாய் 50 காசு! இட்லியைவிட அதற்குத்தான் செலவு அதிகம். இரண்டாம் தடவை சாம்பார் கேட்டால் இல்லையென்று சொல்லவும் முடியாது. மொத்தம் 13 ரூபாய் 90 காசு. அதாவது நூற்றுக்கு 39.

தோசையில் இது கொஞ்சம் குறையும். நெய் விட்ட பொங்கலிலும், பாலை நம்பிய காபியிலும் ஏறும். அதோடு புளித்துப் போகும் மாவு, மிஞ்சிப் போகும் பொங்கல், வேலைக்கு வரும் அம்மா இரண்டு வேளை சாப்பிடுவது. எல்லாம் கலந்து 40 என்று வைத்தோம். சின்ன டிபன் கடைக்கு அது நியாயமான அளவுதான். மேல் எல்லையைத் தொடுகிறது என்பதையும் குறித்துக்கொண்டோம். சரக்கு 52,000. மொத்த லாபம் 97,500 இல்லை, 78,000.

அடுத்தது இதர செலவு. வாடகை 10,000 சரியாக இருந்தது. விற்பனையில் நூற்றுக்கு எட்டு கூட இல்லை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காஸ் 3,500 என்று இருந்தது. வீட்டு சிலிண்டர் நாலு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்! கடையில் வீட்டு சிலிண்டரை வைப்பது சட்டப்படி கூடாது. 19 கிலோ வியாபார சிலிண்டர்தான் வாங்க வேண்டும். மாசம் ஐந்து, அன்றைய விலையில் 9,000. கூலி 8,000 என்று இருந்தது. அந்தத் தெருவில் நாளுக்கு 450க்குக் குறைந்து யாரும் வரமாட்டார்கள், 11,700. கரண்டு கடைக் கட்டணத்தில், தண்ணீரோடு 4,000. பார்சல் கவர், வாழை இலை, சோப்பு, துடைப்பம் 5,000.

பிறகு, எழுதவே எழுதாத வரிகள். கிரைண்டர், அடுப்பு, தோசைக்கல், பாத்திரம் எல்லாம் இரண்டு லட்சத்துக்கு வாங்கப் போகிறாள். ஐந்து வருஷத்தில் அவை தேய்ந்து போகும். மாசத்துக்கு 3,300. கடன் வட்டி, நகைக் கடன் வட்டி இரண்டும் சேர்த்து முதல் வருஷத்தில் மாசம் 2,800 வாக்கில். இங்கே ஒரு விஷயம். கடன் தவணையில் அசலைச் செலவில் எழுதக்கூடாது, வட்டியை மட்டும் எழுத வேண்டும். அசலுக்குப் பதிலாகத்தான் தேய்மானம் வந்துவிட்டதே. இரண்டையும் எழுதினால் ஒரே கிரைண்டருக்கு இரண்டு தடவை அழுத மாதிரி.

இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"உன் சம்பளம் எங்கேடி?" என்றேன்.

"எனக்கு என்னத்தை சம்பளம்? கடையே என்னோடதாச்சே!"

நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்படியில் நிற்பதற்கு விலையே கிடையாது என்று நாமே தீர்மானம் செய்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பீட்சாக் கம்பெனியின் ஐந்து ரூபாய் எல்லாருக்கும் சம்பளம் கொடுத்து முடித்த பிறகு நின்றது. அவளுடைய 56 சம்பளமே கொடுக்காமல் நின்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமா? அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு சமையல்காரரைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? அவருக்கு நாளுக்கு 700 ரூபாய் என்று வைத்து, மாசம் 18,000 எழுதச் சொன்னேன். மனசில்லாமல்தான் எழுதினாள்.

மொத்தச் செலவு 63,800 ஆயிற்று. 78,000லிருந்து கழித்தால் நிகர லாபம் 14,200. நூற்றுக்கு 11.

அவள் ஒன்றும் பேசவில்லை. 72,500 எங்கே, 14,200 எங்கே! "அப்ப வேண்டாமா அத்தை?" என்றாள்.

அப்படிச் சொல்ல நான் யார்? சம்பளம் 18,000, லாபம் 14,200, இரண்டும் அவள் கைக்குத்தான் வருகிறது. மாசம் 32,000 ரூபாய். நடக்கிற கடைதான் இது. தொழிலின் வழக்கத்துக்கு 11 என்பது ஒரு படி அதிகமாகவே இருந்தது. வாடகை குறைவு, அவளே சமைக்கிறாள், தோசை மாஸ்டர் சம்பளம் இல்லை என்று அதற்குக் காரணமும் சொல்ல முடிந்தது.

வருமான வரியில் கூட, கணக்குப் புத்தகம் வைக்காத சின்ன வியாபாரிகளுக்கு ஓர் அனுமான முறை உண்டு. ரொக்க விற்பனையில் நூற்றுக்கு 8 ரூபாயாவது லாபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், பாங்க் வழியாகவோ போனிலோ வந்த பணத்துக்கு 6. வரிக்காக வைத்த அளவுதான், எல்லாக் கடையும் அப்படியே சம்பாதிக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனாலும் 56 என்று எழுதுகிறவர்கள் ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

மாமாவிடம் புதுக் கணக்கைக் காட்டினபோது அவர் இன்னொரு எச்சரிக்கை சொன்னார். மொத்த லாபத்தை ஒப்பிடும்போது, கோட்டுக்கு மேலே எந்தெந்தச் செலவை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டுமாம். ஓட்டல்காரர்கள் பெரும்பாலும் சரக்கை மட்டும் மேலே வைப்பார்கள். முறுக்கு, சீடை போட்டு மொத்தமாகச் சப்ளை செய்கிறவர்கள், சுடுகிறவர் கூலியையும் காஸையும் கூட உற்பத்திச் செலவு என்று மேலே எழுதுவார்கள். அண்ணன் பெண்ணின் கணக்கிலேயே காஸையும் கூலியையும் மேலே தூக்கி வைத்தால், 60 என்று இருக்கும் மொத்த லாபம் 44 ஆகிவிடும். கடை அதே கடை, நிகர லாபமும் அதே 11. இது தெரியாமல் "அவங்களுக்கு 44தான், நமக்கு 60" என்று சந்தோஷப்பட்டால் யாருக்கு நஷ்டம்?

இந்த அளவுகோலை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். பெரிய கம்பெனிக் கணக்கு திசை காட்டும், அவ்வளவுதான். பீட்சா விலையும் இட்லி விலையும் ஒன்றாகுமா? அதே தொழிலை, அதே அளவில், வேறு ஊரில் நடத்துகிறவர்தான் நல்ல குரு. பக்கத்துத் தெருக்காரர் வாய் திறக்கமாட்டார். "லாபம் எவ்வளவு?" என்று கேட்டால் வெளியூர்க்காரரும் மழுப்புவார். நாங்கள் எங்கள் மன்னி ஊரில் மெஸ் நடத்தும் ஓர் அம்மாவிடம், "நாளுக்கு எவ்வளவு விக்குதுங்க, அதுல எவ்வளவு கடைத்தெருவுக்குப் போகுது?" என்றுதான் கேட்டோம். "அஞ்சு வித்தா ரெண்டு போயிடும்" என்று பட்டென்று சொன்னார். அஞ்சுக்கு இரண்டு என்றால் நூற்றுக்கு 40. எங்கள் கணக்கோடு அச்சாக ஒத்துப் போயிற்று.

ஒரே ஒரு இடத்தில்தான் இந்த விகிதங்கள் உதவி செய்யவில்லை. நாளுக்கு 5,000 விற்குமா என்பதை எந்த விகிதமும் சொல்லாது. விற்பனை குறைந்தால் சரக்குச் செலவு தானாகக் குறையும், ஆனால் வாடகை குறையுமா, வட்டி குறையுமா? 63,800 ரூபாய்ச் செலவைக் கட்ட, 60 வீதம் நிற்கும் கடையில் மாசம் 1,06,000 சொச்சம் விற்றாக வேண்டும். நாளுக்கு ஏறக்குறைய 4,100. ஐந்தாயிரம் என்று நினைத்தது நாலாயிரம் ஆனால் லாபம் பூஜ்யம், அவள் சம்பளத்திலும் கொஞ்சம் கடிக்கும். கல்லூரிக்கு லீவு விடுகிற மாசங்களை ஃபைல் எழுதினவர் நினைத்தே பார்க்கவில்லை.

அதனால் அண்ணன் பெண் ஒரு காரியம் செய்தாள். பத்து நாள் காலையும் சாயங்காலமும் அந்தத் தெருவில் இருக்கும் இன்னொரு டிபன் கடைக்கு எதிரே நின்று எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று எண்ணினாள். வீட்டுக்காரரிடம் பேசி, லீவு மாசங்களைச் சொல்லி, அட்வான்ஸை 40,000 ஆக்கினாள். சங்கிலி கழுத்திலேயே இருந்தது, வளையல் இரண்டு மட்டும் போயிற்று. திருத்தின கணக்கைப் பாங்கில் கொடுத்தபோது மேனேஜர் லாப வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். "லீவு மாசத்துல என்ன பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டாராம். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. பக்கத்துக் குடியிருப்புக்கு மாவு விற்பது.

கடை தொடங்கி ஏழு மாசம் ஆகிறது. மாசக் கடைசியில் எனக்கு ஒரு போன் வரும். போன தடவை, "அத்தை, சரக்கு 43 ஆயிடுச்சு" என்றாள். விலைவாசியா என்று கேட்டேன். தேங்காய் ஏறினது ஒரு ரூபாய்தான் இழுத்திருக்கிறது, மீதி எங்கே என்று இரண்டு நாள் பார்த்தாளாம். புதுசாக வந்த பையன் சட்னியைப் பெரிய கரண்டியால் ஊற்றிக்கொண்டிருக்கிறான், பாதி இலையோடு குப்பைக்குப் போகிறது. சின்னக் கரண்டி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சாயங்கால வேளைக்குத் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் தக்காளிச் சட்னி. இந்த மாசக் கணக்கு இன்னும் வரவில்லை.